அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை: குடும்பப் படங்களுக்கு ஒரு வாராந்திரப் பேக்கப்

வயதான அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கணினியில் படங்களைச் சேமிக்கச் சொல்லித்தரும்போது பெரும்பாலும் நாம் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறோம். கிளவுட், சிங்க், ஆல்பம், டேக் என்று போய், கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். அவருக்குத் தேவை ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை. அதில் அவர் கை தவறினாலும் படம் போகக்கூடாது. நான் என் அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த முறை இப்படித்தான் அமைந்தது. விண்டோஸ் லேப்டாப், ஆண்ட்ராய்டு போன், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் இருக்கும் எந்த வீட்டுக்கும் இது பொருந்தும்.

முதலில் பேக்கப் என்றால் என்ன என்பதை அவரிடம் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒரு படம் இரண்டு தனித்தனி பெட்டிகளில் இருக்க வேண்டும், ஒன்றில் அழித்தால் மற்றதில் அழியக்கூடாது. இதன் இரண்டாம் பாதிதான் முக்கியம். "எல்லாம்தான் கூகுள் போட்டோஸில் தானாக ஏறிவிடுகிறதே" என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. ஏறுகிறது, உண்மை. ஆனால் அந்தச் செயலியில் ஒரு படத்தை அழித்தால் போனிலிருந்தும் போகும், மேலே ஏறியதும் போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அவ்வளவுதான். இலவச இடமும் 15 ஜிபி, அதையும் ஜிமெயிலோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2021 ஜூன் முதல் சுருக்கி ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. அது நிரம்பினால் ஏறுவது நின்றுவிடும், பலர் அதைக் கவனிப்பதில்லை. அதனால் அது இருக்கட்டும், கூடுதல் பாதுகாப்பு. ஆனால் அதை நம் இரண்டாவது பெட்டியாக எண்ண வேண்டாம்.

நம் முறையில் வாரம் ஒருமுறை படங்கள் போனிலிருந்து லேப்டாப்புக்குப் போகும், லேப்டாப்பிலிருந்து டிஸ்க்குக்குப் போகும், டிஸ்க் பீரோவுக்குப் போகும். பழகிய பிறகு அரைமணி நேர வேலை. அதற்கு முன் பிள்ளைகள் ஒருமுறை உட்கார்ந்து செய்துவைக்க வேண்டியவை சில உண்டு.

பிள்ளைகள் ஒருமுறை செய்துவைப்பது

லேப்டாப்பில் படங்களுக்கென்று `C:\Padangal` என ஒரு ஃபோல்டர் போடுங்கள். ஏற்கனவே `Pictures` இருக்கிறதே என்று தோன்றும். புதிய விண்டோஸில் அந்த Pictures ஃபோல்டரை ஒன்டிரைவ் தன் கீழே இழுத்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. அதன் இலவச இடம் வெறும் 5 ஜிபி. அது நிரம்பியதும் எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாக வரும், அப்பா பதறிப்போய் எதையாவது அழுத்துவார். தனி ஃபோல்டர் என்றால் அந்தத் தொல்லையே இல்லை. பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. கீழே வரும் சின்ன நிரலில் தமிழ் எழுத்தில் ஃபோல்டர் பெயர் இருந்தால் சில கணினிகளில் அது சரியாகப் படிக்கப்படுவதில்லை.

டிஸ்க்குக்கு 1 டிபி போதும். ஒரு படம் சராசரியாக 4 எம்பி என்று வைத்தால் இரண்டு லட்சம் படங்களுக்கு மேல் கொள்ளும். பென் டிரைவ் வேண்டாம், சட்டைப்பையில் தொலைந்துபோகும் பொருளில் குடும்பத்தின் முப்பது வருடத்தை வைக்கக்கூடாது. டிஸ்க்கைச் செருகிவிட்டு, Disk Management திறந்து, அந்த டிஸ்க்கின் மேல் வலது கிளிக் செய்து, `Change Drive Letter and Paths` வழியாக அதற்கு P என்ற எழுத்தைக் கொடுங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் E என்று வரும், இன்னொரு வாரம் F என்று வரும், நிரல் டிஸ்க்கைக் காணாமல் தவிக்கும். அப்புறம் டிஸ்க்கிலும் `Padangal` என்று ஒரு ஃபோல்டர்.

இனி அந்த நிரல். நோட்பேடில் இதை எழுதி, சேமிக்கும்போது `Save as type` என்ற இடத்தில் `All files` தேர்ந்தெடுத்து, `padam.bat` என்ற பெயரில் டெஸ்க்டாப்பில் வையுங்கள்.

```
@echo off
if not exist P:\Padangal\ (
  echo Disk illai. Cable paarunga.
  pause
  exit
)
robocopy C:\Padangal P:\Padangal /E /XO /FFT /R:2 /W:5 /NFL /NDL /NP
pause
```

ரோபோகாப்பி விண்டோஸிலேயே இருக்கும் கருவி, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். `/E` என்றால் உள் ஃபோல்டர்கள் எல்லாம் சேர்த்து. `/R:2 /W:5` என்றால் ஒரு கோப்பு காப்பி ஆகாவிட்டால் ஐந்து விநாடி இடைவெளியில் இரண்டுமுறை முயன்றுவிட்டு அடுத்ததற்குப் போ. இதைக் கொடுக்காவிட்டால் ரோபோகாப்பி ஒரு கோப்புக்குப் பத்து லட்சம் முறை, ஒவ்வொரு முறையும் 30 விநாடி காத்திருந்து முயலும். அப்பா சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தாலும் அதே கோப்பில் நின்றுகொண்டிருக்கும்.

இணையத்தில் தேடினால் பல இடங்களில் `/MIR` என்று போடச் சொல்லியிருப்பார்கள். வயதானவர் வீட்டில் அதைப் போடாதீர்கள். அது கண்ணாடி மாதிரி வேலை செய்யும்: லேப்டாப்பில் இல்லாதது டிஸ்க்கிலும் இருக்கக்கூடாது என்று அழித்துவிடும். அப்பா கைதவறி 2019 கல்யாணப் படங்களை அழித்துவிட்டு, அடுத்த ஞாயிறு ஒழுங்காகப் பேக்கப் எடுத்தால், அந்த ஒழுங்கே டிஸ்க்கில் இருப்பதையும் தின்றுவிடும். `/E` மட்டும் போட்டால் டிஸ்க்கில் புதிது சேரும், இருந்த கோப்பு எதையும் இந்த நிரல் அழிக்காது.

இன்னும் ஒன்று, மவுஸ். கை லேசாக நடுங்குபவர் இரட்டைக் கிளிக் செய்யும்போது ஃபோல்டர் நகர்ந்து பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்துவிடும். "படமெல்லாம் காணாமல் போச்சு" என்ற தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை இதனால்தான். `File Explorer Options` போய் `Single-click to open an item` என்று மாற்றிவிடுங்கள். ஒரே கிளிக்கில் திறக்கும். அப்படியும் எதுவாவது நகர்ந்துவிட்டால் வேறு எதையும் தொடாமல் உடனே Ctrl + Z அழுத்தச் சொல்லுங்கள். போன இடத்திலிருந்து திரும்பி வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா செய்வது

எடுத்துக்காட்டாக 2025 மார்ச் 16, ஞாயிறு. அந்த வாரம் பேத்திக்குக் காதுகுத்து, அதனால் படங்கள் கொஞ்சம் அதிகம். அப்பா பக்கத்தில் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. அதில் போன வாரத் தேதி, மார்ச் 9, எழுதியிருக்கிறது. எங்கே விட்டோம் என்பதை நினைவில் வைக்க வேண்டியதில்லை, நோட்டு வைத்துக்கொள்ளும்.

முதல் வேலை, `C:\Padangal` உள்ளே புதிய ஃபோல்டர். பெயர் `2025-03-16`. வருடம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள். நம் வழக்கப்படி 16-03-2025 என்று எழுதினால் கணினி முதல் எழுத்தைப் பார்த்து அடுக்குவதால் எல்லா மாதத்துப் பதினாறாம் தேதிகளும் ஒன்றாகப் போய் நிற்கும். வருடத்தை முன்னால் வைத்தால் காலவரிசை தானாக அமைந்துவிடும். மாதமும் நாளும் எப்போதும் இரண்டு இலக்கம்: 3 அல்ல, 03. இந்த ஃபோல்டருக்குள் `WA` என்று இன்னொரு ஃபோல்டர், வாட்ஸப்பில் வந்தவைக்கு.

அடுத்து போனைக் கேபிளில் செருக வேண்டும். போனின் பூட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டும். செருகியதும் போன் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். திரையை மேலிருந்து கீழே இழுத்தால் யுஎஸ்பி பற்றி ஒரு அறிவிப்பு இருக்கும், அதைத் தொட்டு `File transfer` தேர்ந்தெடுக்க வேண்டும். லேப்டாப்பில் போனைத் திறந்தால் ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக இருக்கிறதா? இந்த இரண்டில் ஒன்று நடக்கவில்லை என்று அர்த்தம். இரண்டும் செய்தும் போன் தெரியவே இல்லை என்றால் கேபிளைச் சந்தேகிக்கலாம். சில கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் கம்பி மட்டும்தான் இருக்கும். சரியான கேபிளில் ஒரு சிவப்பு நூல் கட்டிவைத்துவிடுவது நல்லது.

போனுக்குள் `DCIM`, அதற்குள் `Camera`. கேமராவில் எடுத்தவை இங்கே இருக்கும். பெயர்களைப் பார்த்தால் `IMG_20250312_101512` என்பதுபோல் இருக்கும், அதாவது 2025 மார்ச் 12, காலை 10:15. பெயர் வரிசையில் அடுக்கி, மார்ச் 9-இல் தொடங்கும் முதல் படத்தைத் தேர்ந்தெடுத்து, கீழே கடைசிப் படத்துக்குப் போய் Shift விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் இடையில் உள்ளதெல்லாம் சேர்ந்துகொள்ளும். ஒரே கிளிக்கில் திறக்கும்படி மாற்றியிருந்தால் தேர்ந்தெடுக்கக் கிளிக் வேண்டாம், படத்தின் மேல் அம்பை ஒரு நொடி நிறுத்தினாலே போதும். மார்ச் 9-ஆம் தேதிப் படங்கள் சில போன வாரமே வந்திருக்கும். வரட்டும். ஒரு படம் இரண்டுமுறை இருப்பதில் நஷ்டமில்லை.

சன்னலின் அடியில் இடதுபக்கம் `112 items selected` என்று தெரிகிறது. அந்த 112-ஐ நோட்டில் எழுத வேண்டும். பிறகு Ctrl + C, புதிய ஃபோல்டருக்குப் போய் Ctrl + V. X எழுத்து இந்த வேலையில் கிடையவே கிடையாது. வெட்டி எடுத்து ஒட்டும்போது பாதியில் கேபிள் ஆடினால் எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிவரும். காப்பி என்றால் மூலம் போனிலேயே இருக்கிறது, மறுபடி செய்துகொள்ளலாம்.

வாட்ஸப் படங்கள் இருக்கும் இடம் கொஞ்சம் ஆழம்: `Android > media > com.whatsapp > WhatsApp > Media > WhatsApp Images`. அங்கேயும் பெயரில் தேதி உண்டு, `IMG-20250314-WA0007` என்பதுபோல். ஆனால் அது படம் வந்த தேதி, எடுத்த தேதியல்ல. மச்சினர் பத்து வருடத்துப் பழைய படத்தை இன்று அனுப்பினால் இன்றைய தேதிதான் இருக்கும். இந்த வாரம் 214 படங்கள். அவற்றில் பெரும்பாலானவை குட் மார்னிங் பூக்களும் முருகன் படங்களும்தான். அவற்றைப் பிரித்தெடுக்கச் சொல்லாதீர்கள் என்பது என் கருத்து. ஒன்றொன்றும் நூறு இருநூறு கேபி, வருடம் முழுக்கச் சேர்ந்தாலும் 1 டிபி டிஸ்க்கில் ஒரு மூலைக்குக் காணாது. பிரிக்கிறேன் என்று உட்கார்ந்தால் கண் வலிக்கும், பூவோடு பேத்தியும் சேர்ந்து அழிந்துபோவாள். எல்லாம் `WA` ஃபோல்டருக்குள் போகட்டும். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் களையெடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. திரையில் பார்க்க அழகாக இருக்கும், பெரிதாகப் பிரிண்ட் போட்டால் மங்கும். காதுகுத்துப் படங்களைத் தம்பி எடுத்திருந்தால் அவற்றை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காது. அப்படி வருபவை `WhatsApp Documents` ஃபோல்டரில் இருக்கும்.

காப்பி முடிந்ததும் சரிபார்ப்பது. புதிய ஃபோல்டரைத் திறந்து கீழே எண்ணைப் பார்க்க வேண்டும். 112 படங்கள், கூடவே WA ஃபோல்டர், ஆக `113 items`. WA உள்ளே 214. நோட்டில் எழுதியதோடு ஒத்துப்போனால் சரி. பிறகு முதல் படம், நடுவில் ஒன்று, கடைசிப் படம், இந்த மூன்றையும் திறந்து பார்க்க வேண்டும். காப்பி பாதியில் அறுந்திருந்தால் கடைசியாக வந்த படம் மேல்பாதி மட்டும் தெரிந்து கீழே சாம்பல் நிறமாக இருக்கும், அல்லது திறக்கவே திறக்காது. அப்படியானால் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி காப்பி செய்தால் போயிற்று. போன் எதையும் இழக்கவில்லை.

டிஸ்க்குக்கு ஏற்றுவது

இப்போதுதான் பீரோவிலிருந்து டிஸ்க்கை எடுக்க வேண்டும். லேப்டாப் என்றால் பேட்டரி இருக்கிறது. மேசைக் கணினியாக இருந்து, யுபிஎஸ்ஸும் இல்லாமல், மின்சாரம் வந்து வந்து போகிற நாளாக இருந்தால் வேலையை மாலைக்குத் தள்ளிவைக்கலாம். டிஸ்க்கைச் செருகி, சற்றுப் பொறுத்து, டெஸ்க்டாப்பில் உள்ள `padam` மேல் கிளிக். கறுப்புச் சன்னல் ஒன்று திறக்கும். அதைப் பார்த்து வைரஸ் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம் என முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். முடிந்ததும் ஒரு அட்டவணை வரும். அதில் நமக்கு வேண்டிய வரிகள் இவை:

```
            Total   Copied  Skipped  Mismatch   FAILED   Extras
 Dirs :        83        2       81         0        0        0
Files :      9480      326     9154         0        0        2
```

அப்பா பார்க்க வேண்டியது `Files` வரியில் மூன்று எண்கள்தான். `Copied` 326. நோட்டில் 112-ம் 214-ம் கூட்டினால் 326. பொருந்துகிறது. `FAILED` பூஜ்யம். அதுவும் சரி. மீதி 9154 ஏற்கனவே டிஸ்க்கில் இருப்பவை, அவற்றைத் தொடவில்லை.

மூன்றாவது `Extras`. டிஸ்க்கில் இருந்து லேப்டாப்பில் இல்லாதவற்றின் எண்ணிக்கை அது. போன மாதம் அப்பா லேப்டாப்பில் இரண்டு மங்கலான படங்களை அழித்தார், அதனால் 2. இந்த எண்ணையும் நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். வாரா வாரம் அது பெரிதாக மாறாது. இந்த வரியிலோ மேலே `Dirs` வரியிலோ திடீரென்று கூடியிருந்தால், லேப்டாப்பில் ஏதோ ஒரு ஃபோல்டர் அழிந்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது என்று பொருள். அப்பாவுக்கே தெரியாமல் நடந்த தவறை இந்த ஒரு எண் காட்டிக்கொடுத்துவிடும். படம் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கிறது, அவசரப்பட ஒன்றுமில்லை. திரையைப் போனில் படமெடுத்து அனுப்பினால் மகளோ மகனோ சாவகாசமாகப் பார்த்துச் சரிசெய்யலாம்.

நடுவில் மின்சாரம் போய்விட்டாலோ கேபிள் கழன்றாலோ, மறுபடி செருகி அதே `padam` மேல் கிளிக் செய்தால் போதும். பாதியில் நின்ற கோப்பை ரோபோகாப்பி அடையாளம் கண்டு திரும்பக் காப்பி செய்யும்.

முடிந்ததும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள யுஎஸ்பி படத்தை அழுத்தி `Eject` கொடுத்து, பிறகு கழற்ற வேண்டும். அந்த டிஸ்க்கை யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று விண்டோஸ் அடம்பிடித்தால் வாதாட வேண்டாம். கணினியையே அணைத்துவிட்டுக் கழற்றலாம். கழற்றிய டிஸ்க் பீரோவுக்குப் போக வேண்டும். எப்போதும் செருகியே வைத்திருந்தால் வேலை மிச்சம்தானே என்று கேட்பார். செருகியே இருக்கும் டிஸ்க்கையும் லேப்டாப்பையும் ஒரே இடி, ஒரே வைரஸ், தட்டிவிட்ட ஒரே காப்பித் தம்ளர் சேர்த்துக் கொண்டுபோகும்.

போனில் எப்போது அழிக்கலாம்

ஞாயிறன்று எதையும் அழிக்கக்கூடாது. போனில் இடம் நெருக்கினால், நோட்டில் சரி என்று குறித்த வாரங்களில் ஒரு மாதத்துக்கு மேல் பழையதை மட்டும் அழிக்கலாம். அதற்குள் அவை லேப்டாப்பிலும் டிஸ்க்கிலும் உட்கார்ந்திருக்கும். முதலில் வீடியோக்களை அழித்தாலே போதும். ஒரு நிமிட வீடியோ நூறு எம்பியைத் தாண்டும், அதாவது இருபத்தைந்து படங்களின் இடம். கூகுள் போட்டோஸில் அழித்தால் மேலே உள்ளதும் போகும் என்பதை இங்கே மறுபடி சொல்ல வேண்டும். அந்தச் செயலியில் `Free up space` என்று ஒன்று உண்டு. அது மேலே ஏறியவற்றைப் போனிலிருந்து மட்டும் நீக்கும், அப்பாவுக்கு அதுதான் பாதுகாப்பானது.

இரண்டாவது டிஸ்க்கும் ஒரு எச்சரிக்கையும்

மேலே சொன்ன இரண்டு பெட்டிகளும் ஒரே வீட்டில் இருக்கின்றன. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். தண்ணீர் மேசைக்கும் பீரோவுக்கும் ஒன்றாகத்தான் ஏறும். அதனால் இன்னொரு டிஸ்க் வாங்கி, அதற்கும் P என்றே எழுத்துக் கொடுத்து, அதிலும் `Padangal` ஃபோல்டர் போட்டு, வேறு ஊரில் இருக்கும் பிள்ளை வீட்டில் வைக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செருக வேண்டாம். டிஸ்க்கை மாற்றும்போது எழுத்து P என்று வராவிட்டால் மறுபடி P கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும்போது மாற்றிக்கொள்வது வசதி: கொண்டுவந்த டிஸ்க்கைச் செருகி `padam` ஓட்டினால் விட்டுப்போன மாதங்களை அது தானே பிடித்துக்கொள்ளும். பீரோவில் இருந்தது ஊருக்குப் போகும். போன இடத்தில் அவர்கள் கணினியில் செருகி நாலு பழைய ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட வேண்டும், டிஸ்க் உண்மையிலேயே படிக்கிறதா என்பதற்காக.

டிஸ்க் சாகப்போவதற்குச் சில அறிகுறிகள் உண்டு. செருகியதும் டிக் டிக் என்று தட்டும் சத்தம், வழக்கத்தைவிடப் பல மடங்கு மெதுவாகக் காப்பி ஆவது, `FAILED` பூஜ்யமாக இல்லாமல் இருப்பது. இவற்றில் எது வந்தாலும் லேப்டாப்பில் எல்லாப் படமும் இருக்கும்போதே புது டிஸ்க் வாங்கிவிட வேண்டும். இதைவிட ஆபத்தான ஒரு செய்தி உண்டு. டிஸ்க்கைச் செருகியதும் `You need to format the disk` என்று விண்டோஸ் கேட்கும், `Format disk` பொத்தானையும் முன்னால் நீட்டும். அதை அழுத்தினால் டிஸ்க் காலி. பக்கத்தில் உள்ள `Cancel` அழுத்திக் கழற்றி வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சில சமயம் கேபிளை மாற்றினாலே டிஸ்க் திரும்பவும் ஒழுங்காகத் திறக்கும். நோட்டின் அட்டையில் அப்பாவுக்குப் படிக்கிற அளவு பெரிய எழுத்தில் இதை மட்டும் எழுதி ஒட்டிவிடுங்கள்: "ஃபார்மட் என்று கேட்டால், கேன்சல்."